பங்குக் கணக்கில் இலாபம் எது, போட்ட பணம் எது?

கடையில் ஒரு மாத விற்பனையைப் பார்த்து அதுதான் இலாபம் என்று எந்த வியாபாரியும் சொல்வதில்லை. கொள்விலை, ஏற்றுகூலி, கடை வாடகை எல்லாம் கழித்த பிறகே கையில் நிற்பதைச் சொல்வோம். ஆனால் கொழும்புப் பங்குச் சந்தையில் பணம் போட்டிருக்கும் நம்மவர்கள் பலர், புரோக்கர் அனுப்பும் கூற்றின் கடைசித் தொகையை மட்டும் பார்த்து மனம் நிறைந்து விடுகிறார்கள்.

எனக்குத் தெரிந்த துணி வியாபாரி ஒருவர் அப்படித்தான் சொன்னார். "நானா, டிசம்பர் கடைசியில் பத்து இலட்சம் இருந்தது. மார்ச் கடைசியில் பன்னிரண்டு இலட்சத்து முப்பத்து நாலாயிரம். மூன்று மாதத்தில் 23 சதவீதம்! கடை முதலில் இன்னும் ஐந்து இலட்சம் எடுத்துப் போடலாம் என்று நினைக்கிறேன்." கடை முதலைத் தொடுவதற்கு முன் கணக்கைப் பார்ப்போம் என்று கணனியில் எக்செல் தாள் ஒன்றைத் திறந்தோம். அதை எப்படி அமைத்தோம் என்பதை வாசகர்களுக்கும் சொல்கிறேன்.

ஒரே கோப்பில் மூன்று தாள்கள் போதும். முதல் தாள் Trades. புரோக்கர் அனுப்பும் கொன்ட்ராக்ட் நோட் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. A நிரலில் வாங்கிய அல்லது விற்ற திகதி, B-யில் கம்பனி, C-யில் வாங்கினால் B, விற்றால் S, D-யில் எண்ணிக்கை, E-யில் விலை, F-இல் இரண்டையும் பெருக்கிய தொகை, G-யில் அந்த நோட்டில் உள்ள மொத்தக் கட்டணம். இரண்டாவது தாள் Cash. நீங்கள் கணக்கில் போட்ட பணமும் எடுத்த பணமும் மட்டும் இதில் வரும். A-யில் திகதி, B-யில் தொகை. எடுத்த பணத்துக்கு முன்னால் கழித்தல் குறி இட வேண்டும். பங்கிலாபத்தை இங்கே எழுதக் கூடாது. அது நீங்கள் போட்ட பணமல்ல, பங்கு உழைத்த பணம்.

மூன்றாவது தாள் Month. இதுதான் நாம் பார்க்கப்போகும் தாள். A-யில் மாதக் கடைசித் திகதி. B-யில் அன்றைய மொத்தப் பெறுமதி, அதாவது பங்குகளின் சந்தை விலையும் புரோக்கரிடம் உள்ள ரொக்கமும். கடைசி நாளில் வாங்கிய பங்குக்கான பணம் சில நாள் கழித்தே போகும். அந்தக் கடனை இங்கே கழித்து விட வேண்டும். அதேபோல் விற்று இன்னும் வராத பணத்தைக் கூட்ட வேண்டும். இரண்டாவது வரியில் ஆரம்ப நிலையை எழுதி, E2-இல் 100 என்று போடுங்கள். மூன்றாவது வரியின் C-யிலிருந்து H வரை முறையே இவை வரும்:

```
C3: =SUMIFS(Cash!B:B,Cash!A:A,">"&A2,Cash!A:A,"<="&A3)
D3: =(B3-B2-C3)/(B2+C3/2)
E3: =E2*(1+D3)
F3: =E3/MAX(E$2:E3)-1
G3: =SUMIFS(Trades!G:G,Trades!A:A,">"&A2,Trades!A:A,"<="&A3)
H3: =G3/(B2+C3/2)
```

பிறகு கீழே இழுத்தால் ஒவ்வொரு மாதத்துக்கும் தானே வரும். C அந்த மாதம் புதிதாக வந்த பணம். D மாத இலாப வீதம். புதிய பணம் சராசரியாக அரை மாதம் உழைத்தது என்று எடுத்து அதில் பாதியை முதலோடு சேர்த்திருக்கிறோம். E-யை A-யோடு சேர்த்துக் கோட்டு வரைபடம் போட்டால் அதுதான் முதலின் வளர்ச்சிக் கோடு. B நிரலை வரையக் கூடாது. பணம் போட்ட ஒவ்வொரு முறையும் கோடு துள்ளி எழுந்து நம்மை ஏமாற்றும். F உச்சத்திலிருந்து எவ்வளவு இறங்கியிருக்கிறோம் என்பது. H முதலில் எத்தனை சதவீதத்தைக் கட்டணம் தின்றது என்பது.

இனி நண்பரின் கணக்கு. ஜனவரிக் கடைசியில் 1,030,000 ரூபா. இலாபம் 3 சதவீதம். பெப்ரவரி நடுவில் அவர் 200,000 ரூபா போட்டார். மாதக் கடைசியில் 1,210,000. பார்வைக்குக் கூடியிருக்கிறது. ஆனால் போட்ட பணத்தைக் கழித்தால் 20,000 ரூபா நட்டம், அதாவது 1.77 சதவீதம் குறைவு. மார்ச்சில் 1,234,200; இலாபம் 2 சதவீதம். 100-இல் தொடங்கிய கோடு 103, 101.2 என்று போய் 103.2-இல் நிற்கிறது. அவர் சொன்ன 23 சதவீதம் உண்மையில் 3.2 சதவீதம்தான். மீதியெல்லாம் அவரே கொண்டுவந்து போட்ட இரண்டு இலட்சம்.

அதைவிடக் கசப்பானது கட்டண நிரல். கொழும்புச் சந்தையில் 10 கோடி ரூபா வரையான கொடுக்கல் வாங்கலுக்கு நெடுங்காலமாக எடுக்கப்படுவது 1.12 சதவீதம். இதில் 0.64 புரோக்கருக்கு, 0.30 அரசின் பங்குப் பரிவர்த்தனை வரி; மீதி சந்தைக்கும் மத்திய வைப்பகத்துக்கும் பிணையங்கள் ஆணைக்குழுவுக்கும். வாங்கும்போதும் உண்டு, விற்கும்போதும் உண்டு. 100 ரூபாவுக்கு வாங்கிய பங்கு 102 ரூபா 27 சதத்துக்கு விற்றால்தான் முதல் திரும்பும்.

நண்பர் ஜனவரியில் வாங்கியதும் விற்றதுமாக 20 இலட்சத்துக்கும், பெப்ரவரியில் 25 இலட்சத்துக்கும், மார்ச்சில் 5 இலட்சத்துக்கும் வியாபாரம் செய்திருந்தார். கட்டணம் முறையே 22,400, 28,000, 5,600. மொத்தம் 56,000 ரூபா. மூன்று மாத நிகர இலாபமோ 34,200 ரூபா. கட்டணத்துக்கு முன் பங்குகள் உழைத்தது 90,200 ரூபா என்றால், அதில் நூற்றுக்கு 62 வழியிலேயே போய்விட்டது. பெப்ரவரியைப் பாருங்கள்: கட்டணம் முதலின் 2.48 சதவீதம், நட்டம் 1.77 சதவீதம். அந்த மாதம் அவருடைய பங்குகள் உண்மையில் சிறிது ஏறித்தான் இருந்தன. நட்டம் வந்தது பங்குத் தெரிவால் அல்ல, அடிக்கடி கை மாற்றியதால்.

இந்தத் தாள் பொய் சொல்லும் இடங்களும் உண்டு. ஒரு மாதத்துக்குக் கட்டணம் பூச்சியம் என்று வந்தால் திகதியைச் சந்தேகியுங்கள். கணனி அமெரிக்க முறையில் இருந்தால் 03/04 மார்ச் 4 ஆகிவிடும். 25/04 திகதியாகவே ஏற்கப்படாமல் வெறும் எழுத்தாக நிற்கும். ஒரு வெற்றுக் கட்டத்தில் இதைப் போட்டுப் பாருங்கள். FALSE வந்தால் திகதி பிழை.

```
=ISNUMBER(Trades!A2)
```

மாத முதலிலோ கடைசியிலோ பெருந்தொகை போட்டால், பாதி என்ற கணக்குப் பொருந்தாது. முதல் நாளில் போட்டிருந்தால் அந்த வரியில் C3/2 என்பதை C3 என்று மாற்றுங்கள். கடைசி நாளில் போட்டிருந்தால் அதை எடுத்து விடுங்கள். D, H இரண்டிலும் மாற்ற வேண்டும்.

மாதம் ஒரு முறை ஒவ்வொரு கம்பனியிலும் வாங்கிய எண்ணிக்கையிலிருந்து விற்றதைக் கழித்து, மத்திய வைப்பகக் கூற்றோடு ஒப்பிடுங்கள். ஒத்துவராவிட்டால் ஒன்றில் ஒரு நோட் பதியப்படவில்லை, அல்லது பங்குப் பிரிப்பு நடந்திருக்கிறது. பிரிப்பில் கூடிய எண்ணிக்கையை விலை பூச்சியம், கட்டணம் பூச்சியம் என்று ஒரு B வரியாக எழுதுங்கள். எண்ணிக்கை சரியான பிறகே மாதக் கடைசிப் பெறுமதியை நம்பலாம்.

முதலைக் கூட்டுவதா என்று யோசிப்பவர்கள் குறைந்தது ஆறு மாதமாவது E நிரலையும் H நிரலையும் அருகருகே வைத்துப் பாருங்கள். H தொடர்ந்து D-யை விடப் பெரிதாக இருந்தால், கூடுதல் பணம் போட்டு அது தீராது. கை மாற்றுவதைக் குறைத்தால்தான் தீரும்.