சென்ற வருடத்துப் பரிசோதனை இந்த வருடத்துக்குப் போதுமா?

ஹாட்வெயார் மொத்த வியாபாரம் செய்யும் ஹாஜியார் ஒருவர் ஒரு நாள் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். "சம்பளக் கோப்பை இந்த வருடம் ஓடிட்டர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஸ்டோரில் மட்டும் இரண்டு நாள் நின்று சாமான்களை எண்ணினார். கட்டணத்தில் ஒரு சதமும் குறையவில்லை" என்றார்.

ஓடிட்டர் ஏமாற்றவில்லை. இலங்கைக் கணக்காய்வு நியமம் 330 இதற்கு இடமளிக்கிறது. ஒரு கட்டுப்பாடு, அதாவது தவறு நடக்காமல் தடுக்க நிறுவனம் வைத்திருக்கும் ஒழுங்கு, முன்னைய வருடம் பரிசோதிக்கப்பட்டு நன்றாக இருந்து, பின்னர் மாறாமலும் இருந்தால், அந்தச் சான்றை இந்த வருடமும் பயன்படுத்தலாம். ஆனால் மூன்று கணக்காய்வுகளுக்கு ஒரு முறையாவது அதை மீண்டும் சோதிக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் பார்த்துவிட்டு அடுத்த இரு வருடங்கள் சும்மா இருக்க முடியாது. சம்பளம் இந்த வருடமென்றால் கொள்முதல் அடுத்த வருடமெனச் சுழற்றி, ஒவ்வொரு வருடமும் சிலவற்றையேனும் சோதிக்க வேண்டும். ஆபத்து அதிகமெனக் கருதும் இடத்தில் கட்டுப்பாட்டை நம்புவதானால், அதை அந்த வருடமே சோதித்தாக வேண்டும்.

இங்கே பலர் குழம்புகிறார்கள். சென்ற வருடத்திலிருந்து எடுத்து வரக்கூடியது ஒழுங்கைப் பற்றிய சான்றுதான், தொகையைப் பற்றியதல்ல. போன மார்ச் 31இல் எண்ணிய சீமெந்து மூடைகள் எப்போதோ விற்றுப் போயிருக்கும். அந்த எண்ணிக்கை இந்த வருட இருப்புக்கு எதையும் சொல்லாது. ஆகவேதான் ஸ்டோரில் இரண்டு நாள்!

ஹாஜியாரின் சம்பள விடயத்தைப் பார்ப்போம். எளிமைக்காகத் தொகைகளை முழுமையாக்கியிருக்கிறேன். ஊழியர்கள் 20 பேர், ஆளுக்கு மாதம் 50,000 ரூபா. லிகிதர் சம்பளப் பட்டியல் தயாரிப்பார். கணக்காளர் அதை ஊழியர் சேமலாப நிதிப் படிவத்துடன் ஒவ்வொரு பெயராக ஒப்பிட்டு ஒப்பமிடுவார். அதன் பிறகே பணம் வங்கிக்குப் போகும். 2022/23இல் ஓடிட்டர் பல மாதங்களின் பட்டியல்களை எடுத்து இந்த ஒழுங்கைச் சோதித்தார், குறை இருக்கவில்லை. 2023/24இல் ஏதும் மாறியதா என்று விசாரித்து, ஒரு மாதக் கோப்பை மட்டும் பார்த்தார். அத்துடன் தொகைக்கு ஒரு கணக்கும் போட்டார். சேமலாப நிதிக்கு ஊழியர் பங்கு 8, நிறுவனப் பங்கு 12, மொத்தம் 20 வீதம். செலுத்தியது 24 இலட்சம் என்றால் அதற்குரிய சம்பளம் 120 இலட்சம். நிறுவனப் பங்கைச் சேர்க்காமல் புத்தகத்தில் இருந்த சம்பளம் 128 இலட்சம். மீதி 8 இலட்சம் மேலதிக நேரக் கொடுப்பனவு. அதற்குச் சேமலாப நிதி இல்லை. மேலதிக நேரப் பதிவேடும் அதே தொகையையே காட்டியது. சான்று பழையது, தொகைக்கான சோதனை அந்த வருடத்துக்குரியது. இரண்டும் சேர்ந்தே முடிவைத் தாங்கின.

2024/25இலும் ஓடிட்டர் அதே கேள்வியைக் கேட்டார். "ஒன்றும் மாறவில்லை" என்றார் ஹாஜியார். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். வாய்ச் சொல்லை மட்டும் வைத்து எழுத நியமம் விடாது, கண்ணாலும் பார்க்க வேண்டும். ஒரு மாதக் கோப்பை எடுத்தபோது ஒப்பிட்டுப் பார்த்ததற்கான ஒப்பம் இருக்கவில்லை. கணக்காளர் ஏப்ரலில் விலகியிருந்தார். பட்டியல் தயாரிப்பவரே வங்கிக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார். சேமலாப நிதிப் படிவத்தை வேறொருவர் நிரப்பினார். இரண்டையும் ஒப்பிட ஆளில்லை.

அந்த நிமிடமே பழைய சான்று செல்லாததாகிவிட்டது. மூன்று வருடம் முடியவில்லையே என்ற வாதமும் எடுபடாது. கணக்கும் அதையே சொன்னது. சேமலாப நிதிக்குச் செலுத்தியது 23 இலட்சம், அதாவது சம்பளம் 115 இலட்சம். புத்தகத்தில் 135 இலட்சம். மேலதிக நேரப் பதிவேட்டில் 9 இலட்சம்தான். ஆக 11 இலட்சத்துக்கு விளக்கமில்லை.

பன்னிரண்டு மாத வங்கிப் பட்டியல்களையும் படிவங்களுடன் ஒப்பிட்டபோது இரு பெயர்கள் தனித்து நின்றன. ஒருவர் ஏப்ரலில் சேர்ந்த நாட்டாமை. உண்மையில் வேலை செய்பவர், சம்பளம் 6 இலட்சம். ஆனால் அவருக்குச் சேமலாப நிதி கட்டப்படவில்லை. அந்த நிலுவையும் மேலதிகக் கட்டணமும் நிறுவனத்தின் தலையில். மற்றவர் மே மாத முடிவில் விலகிப் போனவர். படிவத்திலிருந்து பெயர் நீங்கியது, சம்பளம் மட்டும் பத்து மாதம் போயிருந்தது. 5 இலட்சம்.

இந்தச் சுழற்சி முறையில் எங்கள் பங்கும் உண்டு. கணக்காளர் விலகினால், மென்பொருள் மாறினால், ஒருவர் வேலையை இன்னொருவர் பார்த்தால், திகதியுடன் ஒரு கொப்பியில் எழுதி வைத்து ஓடிட்டர் வரும்போது முதலில் அதைக் கொடுங்கள். அவரிடமும் ஒன்று கேளுங்கள்: இந்த வருடம் சோதிக்காமல் விட்டது எது, அது கடைசியாகச் சோதிக்கப்பட்டது எப்போது? ஒழுங்காக வேலை செய்தவருடைய கோப்பில் அதற்கு எழுத்தில் பதில் இருக்கும்.

ஹாஜியார் இப்போது ஒப்பிடும் வேலையைத் தன் மகனிடம் கொடுத்திருக்கிறார். புதிய ஒழுங்கு என்பதால் இம்முறை சம்பளக் கோப்பு முழுதாகச் சோதிக்கப்படும். கட்டணம் கூடுமா என்று என்னிடம் கேட்டார். கூடத்தான் செய்யும் என்றேன்.