கம்ப்ரசர் அறையிலிருந்து ஆண்டறிக்கை வரை

நூற்பாலைகளில் அறுந்த நூலை முடிச்சில்லாமல் இணைப்பது அழுத்தக் காற்று. குழாய் மூட்டுகளில் அது கசிவது கண்ணுக்குத் தெரியாது, கரண்ட் பில்லில்தான் தெரியும். எனர்ஜி ஆடிட்டுக்கு வரும் பொறியாளர் ஆலை ஓடாத விடுமுறை நாளில் கம்ப்ரசரை மட்டும் ஓட்டச் சொல்வார். காற்றை யாரும் பயன்படுத்தாதபோதும் அது லோடு எடுத்தால், அத்தனையும் கசிவு.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 22 கிலோவாட் கம்ப்ரசர் 2 நிமிடம் லோடில் ஓடி, 6 நிமிடம் அன்லோடில் நிற்கிறது. எட்டில் இரண்டு பங்கு, அதாவது 25 சதவீதக் கசிவு. மூட்டுகளைச் சரிசெய்து 10 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் 3.3 கிலோவாட் மிச்சம். வருடம் 7,200 மணி நேரம் ஓடும் ஆலையில் அது 23,760 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றாலே சுமார் 1.9 லட்சம் ரூபாய். சரிசெய்த பிறகு இதே சோதனையை மறுபடி செய்யாத ஆடிட் அரைகுறைதான் என்பேன்.

இந்த வேலைக்கான சான்றிதழ்த் தேர்வை மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பான பி.இ.இ. நடத்துகிறது. எனர்ஜி மேனேஜருக்கு மூன்று தாள்கள், ஆடிட்டருக்கு நான்கு.

அடுத்து அதே யூனிட்டுகள் பி.காம். படித்தவரின் மேசைக்கு வருகின்றன. சந்தை மதிப்பில் முதல் ஆயிரம் பட்டியலிட்ட நிறுவனங்கள் பி.ஆர்.எஸ்.ஆர். என்ற அறிக்கையைத் தர வேண்டும் என்பதை 2022-23 முதல் செபி கட்டாயமாக்கியது. மின்வாரியத்திடம் வாங்கிய ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு என்று வைத்தால், மேலே மிச்சமானது ஏறத்தாழ 17 டன். பெருக்கல் சுலபம். எந்த யூனிட்டைப் பெருக்குவது என்பதில்தான் பிழை வரும். சொந்தக் காற்றாலை வைத்திருக்கும் ஆலையில், அங்கே உற்பத்தியான யூனிட்டும் பில்லில் கழிக்கப்பட்ட யூனிட்டும் ஒன்றல்ல. வழியில் இழப்பு போகிறது. உற்பத்தி அளவை அப்படியே பசுமை மின்சாரமாக எழுதிவிட்டால் அறிக்கையும் பில்லும் முரண்படும். பில்லைப் பன்னிரண்டு மாதமும் வரிவரியாகப் படிக்கத் தெரிந்த கணக்காளருக்கு இது பிடிபட்டுவிடும்.

சாயப்பட்டறைகளில் மாசுக் கட்டுப்பாட்டு விதிகளைப் பார்த்துக்கொள்பவருக்கும் மீட்டர்தான் சாட்சி. 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது, கழிவுநீரைச் சொட்டும் வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனை நிறைவேறாததால். ஆர்.ஓ. சுத்திகரிப்பில் மிஞ்சும் உப்புநீரை ஆவியாக்கி உப்பைப் பிரிக்க வேண்டும். அதற்கு நீராவியும் மின்சாரமும் நிறையச் செலவாகும். ஆவியாக்கி மாதம் முழுக்க ஓடியதாகப் பதிவேடு சொல்லி, கொதிகலனின் விறகுக் கணக்கும் மின் மீட்டரும் உயராமல் இருந்தால், உப்புநீர் எங்கே போனது என்பதைத்தான் அவர் முதலில் கேட்க வேண்டும்.