ஒரே நோட்டு, மூன்று விலை: பில்லில் சரியான ரேட் எப்படி வருகிறது?

மொத்த வியாபாரத்தில் ஒரு பொருளுக்கு ஒரு விலை என்பதே கிடையாது. கடைக்கு நேரில் வந்து நான்கு நோட்டு வாங்குபவருக்கு ஒரு ரேட், வெளியூர் கடைக்காரருக்கு ஒரு ரேட், வருடம் முழுக்க வாங்கும் பள்ளிக்கு வேறொரு ரேட். முன்பெல்லாம் இவை முதலாளியின் நினைவிலும், கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் கிடக்கும் ஒரு நோட்டிலும் இருந்தன. இப்போது பில் போடுவது கணினி. முதலாளி மனதில் வைத்திருந்ததை அதற்குப் புரியும் வடிவில் எழுதிக் கொடுத்தால்தான் ரேட் சரியாக வரும். சற்றே பிசகினால் யார் கண்ணிலும் படாமல் நாள்தோறும் காசு கசியும்.

எப்படிப் பிசகும், எப்படிச் சரிசெய்வது என்று பார்க்க, சிறு, நடுத்தர நிறுவனங்கள் பலவற்றில் புழங்கும் ERPNext மென்பொருளை எடுத்துக்கொள்வோம். மும்பையைச் சேர்ந்த ஃப்ராப்பே நிறுவனம் உருவாக்கிய திறந்த மூல மென்பொருள் இது. மற்ற மென்பொருள்களில் திரையும் பெயர்களும் மாறும். விலையை அடுக்கடுக்காகக் கட்டும் முறை பெரும்பாலும் இதுதான்.

மூன்று அடுக்குகள்

முதல் அடுக்கு விலைப் பட்டியல். திரையில் இதன் பெயர் Price List. சில்லறைக்கு ஒரு பட்டியல், மொத்த விற்பனைக்கு ஒரு பட்டியல் என்று எத்தனை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். பட்டியல் என்பது வெறும் தலைப்புதான். அதன் கீழ் ஒவ்வொரு சரக்குக்கும் இன்ன விலை என்று பதிவது Item Price என்ற சீட்டில்.

இரண்டாவது அடுக்கு பார்ட்டிக்கென்று தனி விலை. அதே Item Price சீட்டில் Customer என்றொரு கட்டம் இருக்கிறது. அதில் பார்ட்டியின் பெயரைப் போட்டுவிட்டால், அந்தப் பட்டியலுக்குள்ளேயே அவருக்கு மட்டும் அந்த விலை வரும். மற்றவர்களுக்குப் பொது விலை வரும்.

மூன்றாவது அடுக்கு தள்ளுபடி விதி, அதாவது Pricing Rule. எந்தச் சரக்குக்கு, யாருக்கு, எத்தனை வாங்கினால், எந்தத் தேதியிலிருந்து எதுவரை, எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதை இதில் எழுதுகிறோம்.

பில்லில் பார்ட்டியின் பெயரைத் தேர்ந்தெடுத்ததும், அவருக்கு உரிய பட்டியல் எது என்று மென்பொருள் முதலில் தேடுகிறது. பார்ட்டியின் பதிவில் பட்டியல் குறிக்கப்பட்டிருந்தால் அதை எடுக்கும். இல்லையென்றால் அவர் சேர்ந்திருக்கும் வாடிக்கையாளர் குழுவின் பட்டியல். அதுவும் இல்லையென்றால் நிறுவனத்தின் பொதுப் பட்டியல். பிறகு அந்தப் பட்டியலில் இந்தப் பார்ட்டிக்குத் தனி விலை உண்டா என்று பார்க்கும். அதன்பின் பொருந்துகிற தள்ளுபடி விதிகளைத் தேடிக் கழிக்கும். இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் சிக்கல் எளிதில் புரியும்.

ஒரு பள்ளியின் ஆர்டர்

நோட்டுப் புத்தகங்களை வாங்கி விற்கும் ஒரு மொத்த வியாபாரியை எண்ணிக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நாம் வைத்துக்கொண்டவை. வரியைக் கணக்கில் சேர்க்கவில்லை. 192 பக்க நோட்டு ஒன்றின் அடக்க விலை ₹42. மொத்தப் பட்டியலில் அதன் ரேட் ₹48. ஒரு பள்ளியோடு ₹45 என்று பேசி முடித்திருக்கிறார். அதை மொத்தப் பட்டியலுக்குள்ளேயே பள்ளியின் பெயரில் தனி விலையாகப் பதிந்துவிட்டார்.

கூடவே இரண்டு தள்ளுபடி விதிகளும் இருக்கின்றன. 600 நோட்டு, அதாவது 50 டஜனோ அதற்கு மேலோ வாங்கினால் 5 சதவீதம். பள்ளி திறக்கும் பருவத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 30 வரை, நோட்டுப் பிரிவு முழுவதற்கும் 8 சதவீதம்.

மே மாதத்தில் பள்ளி 600 நோட்டு கேட்கிறது. இரண்டு விதிகளும் பொருந்துகின்றன. இரண்டும் சம நிலையில் இருப்பதால், எதை எடுப்பது என்று முடிவு செய்ய முடியாமல் மென்பொருள் பிழைச் செய்தி காட்டி நின்றுவிடுகிறது. விதிகளுக்கு முன்னுரிமை எண் கொடுங்கள் என்பதுதான் அந்தச் செய்தியின் சாரம்.

தவறு நடப்பது இந்த இடத்தில்தான். வாசலில் வண்டி காத்திருக்கிறது, பில் போக வேண்டும். அவசரத்தில் யாரோ இரண்டு விதிகளிலும் Apply Multiple Pricing Rules என்ற கட்டத்தை டிக் செய்துவிடுகிறார். பிழைச் செய்தி மறைகிறது, பில் வருகிறது. ஆனால் இப்போது இரண்டு சதவீதங்களும் கூட்டப்பட்டு 13 ஆகிவிட்டன. ₹45-இல் 13 சதவீதம் போனால் மிச்சம் ₹39.15. அடக்க விலையைவிட நோட்டுக்கு ₹2.85 குறைவு. 600 நோட்டுக்கு ₹1,710 கைநஷ்டம். தனி விலை இல்லாத சாதாரணக் கடைக்காரருக்கும் ₹48-இல் 13 சதவீதம் போய் ₹41.76 வரும், அதுவும் அடக்கத்துக்குக் கீழேதான். ஒரு தள்ளுபடி போக மீதியுள்ள தொகையில்தான் அடுத்ததைக் கழிக்க வேண்டும் என்று விதியில் தனியாகச் சொல்லவும் வழி உண்டு. அப்படிச் செய்தாலும் பள்ளிக்கு ₹39.33-தான். நஷ்டம் தீராது.

பேசியது நெட் ரேட்டா, லிஸ்ட் ரேட்டா?

இந்த நஷ்டத்துக்கு வேர் டிக் செய்த கட்டத்தில் மட்டும் இல்லை. பள்ளியோடு ₹45 என்று பேசியபோது, இதற்குமேல் கழிவு கிடையாது என்பதுதான் இரு தரப்பின் புரிதல். வியாபாரத்தில் இதை நெட் ரேட் என்போம். கணினியில் அது போய் உட்கார்ந்த இடமோ பட்டியல் விலை. பட்டியல் விலை என்றாலே தள்ளுபடிக்கு உட்பட்டது என்பதுதான் மென்பொருளின் பொருள். ஆகவே தனி விலை ஒன்றைப் பதியும் முன், அது நெட் ரேட்டா, தள்ளுபடிக்கு முந்தைய லிஸ்ட் ரேட்டா என்பதை வியாபாரி தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். விலை அமைப்பில் வரும் குழப்பங்களில் பெரும்பகுதி இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவதால் வருகிறது என்பேன்.

நெட் ரேட் என்றால், அந்தப் பார்ட்டிகளுக்கென்று தனியாக ஒரு விலைப் பட்டியலே வைப்பது நல்லது. அதைப் பார்ட்டியின் பதிவிலும் குறித்துவிட வேண்டும். அதோடு, தள்ளுபடி விதிகள் ஒவ்வொன்றிலும் For Price List என்ற கட்டத்தில் மொத்தப் பட்டியலின் பெயரைப் போட வேண்டும். பருவத் தள்ளுபடி விதி இப்படி இருக்கும்:

```
Apply On: Item Group
Item Group: Notebooks
Min Qty: 0
Valid From: 15-04
Valid Upto: 30-06
Discount Percentage: 8
For Price List: Wholesale
Priority: 2
```

இப்போது நெட் பட்டியலில் இருக்கும் பள்ளியை இந்த விதி தொடாது. 600 நோட்டு விதிக்கு முன்னுரிமை எண் 1 கொடுத்து, இரண்டிலும் அந்த டிக்கை எடுத்துவிட்டால், பருவ காலத்தில் 8 சதவீதம் மட்டும் கழியும். பெரிய எண் உள்ள விதிக்கே முதலிடம். ஜூன் 30 தாண்டியதும் 5 சதவீத விதி தானாக வேலைக்கு வரும்.

இந்த வழிக்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு பட்டியலில் விலை இல்லாவிட்டால் மென்பொருள் வழக்கமாக இன்னொரு பட்டியலில் போய்த் தேடாது. பள்ளி வாங்கக்கூடிய எல்லாச் சரக்கும் நெட் பட்டியலில் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் ரேட் இல்லாமல் வரும், பில் போடுபவர் தமக்குத் தோன்றியதைக் கையால் போடுவார். Stock Settings பகுதியில், விட்டுப்போன விலையைத் தானாகப் பட்டியலில் சேர்க்கும் அமைப்பு இயக்கத்தில் இருந்தால், அப்படிக் கையால் போட்ட ரேட்டே பட்டியல் விலையாகப் பதிந்து அடுத்த பில்லுக்கும் வந்துவிடக்கூடும்.

கணக்கைச் சரியாகப் போட்டதும் வேறொன்றும் வெளிச்சத்துக்கு வருகிறது. பருவத்தில் கடைக்காரருக்கு ₹48-இல் 8 சதவீதம் போக ₹44.16. வருடம் முழுக்க வாங்கும் பள்ளிக்கோ ₹45. இது பள்ளிக்குத் தெரிந்தால் நியாயமாகவே கேட்பார்கள். வியாபாரி பருவத் தள்ளுபடியை 6 சதவீதமாக்கினால் கடைக்காரருக்கு ₹45.12 வரும், பள்ளியின் ரேட்டே குறைந்ததாக நிற்கும். இதைக் கணினி முடிவு செய்ய முடியாது. ஆனால் விதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இப்படியொரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது என்பதாவது பருவம் தொடங்கும் முன்பே தெரியும்.

டஜன் தரும் தொல்லை

அளவு விதியில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. 50 டஜன் என்று மனதில் வைத்துக்கொண்டு குறைந்தபட்ச அளவில் 50 என்று போட்டுவிடுவார்கள். சரக்கின் இருப்பு எண்ணிக்கையில் வைக்கப்பட்டிருந்தால், மென்பொருள் அதை 50 நோட்டு என்றே கொள்ளும். நாலு டஜனும் கொஞ்சமும் வாங்கும் பெட்டிக்கடைக்குக்கூட 5 சதவீதம் போய்விடும். விதியில் அலகையும் குறிக்க வேண்டும், அல்லது 600 என்றே போட வேண்டும்.

இதன் மறுபக்கமும் உண்டு. ஒரு கடைக்காரர் கோடு போட்ட நோட்டு 300, கோடு போடாதது 300 என்று வாங்குகிறார். பில்லில் இவை இரண்டு வரிகள். மென்பொருள் ஒவ்வொரு வரியையும் தனித்தனியாகப் பார்ப்பதால் எதுவும் 600-ஐ எட்டாது, தள்ளுபடி கிடைக்காது. இரண்டையும் சேர்த்து எண்ண வேண்டும் என்றால் விதியில் Mixed Conditions என்பதை டிக் செய்ய வேண்டும். கடைக்காரர் தொலைபேசியில் சண்டைக்கு வரும்வரை இந்தக் குறை பலருக்குத் தெரிவதில்லை.

எப்படிக் கண்டுபிடிப்பது?

பில்லில் ஒரு சரக்கின் வரியைத் திறந்தால் Price List Rate, தள்ளுபடி சதவீதம், கடைசி Rate ஆகிய மூன்றும் தெரியும். எந்த விதி பாய்ந்தது என்பதும் பில்லிலேயே இருக்கும். ரேட் தவறாக வந்தால் இந்த வரிசையிலேயே பார்க்க வேண்டும். முதல் எண் தவறென்றால் கோளாறு பட்டியலிலோ பார்ட்டியின் பதிவிலோ இருக்கிறது. முதல் எண் சரியாக இருந்து கடைசி எண் தவறென்றால் விதியைப் பார்க்க வேண்டும். விதி ஒன்றும் இல்லாமல் ரேட் மட்டும் மாறியிருந்தால், யாரோ கையால் திருத்தியிருக்கிறார்கள்.

காவலுக்கு Selling Settings பகுதியில் ஓர் அமைப்பு இருக்கிறது. விற்கும் ரேட்டை, கடைசியாக வாங்கிய விலையோடும் இருப்பின் மதிப்போடும் ஒப்பிட்டு, அதற்குக் கீழே போனால் பில்லைச் சேமிக்க விடாமல் தடுக்கும். மேலே சொன்ன ₹39.15 பில் இதைத் தாண்டியிருக்காது. ஆனால் லாபம் குறைவாக வரும் தவறுகளை இது பிடிக்காது. ₹45-க்குப் போக வேண்டியது ₹42.75-க்குப் போனால் பேசாமல் விட்டுவிடும்.

அதனால் விதி ஒன்றை மாற்றிய ஒவ்வொரு முறையும் ஒத்திகை பார்ப்பதுதான் உறுதியான வழி. சில்லறை வாடிக்கையாளர் ஒருவர், கடைக்காரர் ஒருவர், நெட் ரேட் பார்ட்டி ஒருவர் என மூவர் பெயரில் விலைப்புள்ளி ஒன்று போட்டுப் பாருங்கள். அளவை 599, 600 என இரண்டு விதமாகவும், தேதியைப் பருவத்துக்கு உள்ளும் வெளியுமாகவும் மாற்றிப் பாருங்கள். வர வேண்டிய ரேட்டை முதலில் தாளில் எழுதி வைத்துவிட்டுத் திரையோடு ஒப்பிடுவது முக்கியம். திரையைப் பார்த்த பிறகு யோசித்தால் எந்த எண்ணும் சரியாகத்தான் தோன்றும். தாளும் திரையும் எல்லா இடத்திலும் ஒத்துப்போன பிறகு அந்த விலைப்புள்ளிகளை அழித்துவிட்டு, விதியைப் பில் போடுபவர்களிடம் விடலாம்.