எள்ளா, கண்ணா?

பக்கத்து ஊர் தம்பி ஒருத்தர் வாட்ஸ்அப்பில் நெல்வயல் படம் அனுப்பி, "சார், குலை நோயா?" என்றார். வெறும் பச்சைதான் தெரிந்தது. "ஒரு இலையைப் பறிச்சு, வெள்ளைத்தாள் மேல வச்சு, கிட்டத்துல எடுங்க" என்றேன்.

இரு முனையும் கூர்ந்து, கண் போல, நடுவே சாம்பல் பூத்திருந்தால் குலை நோய். வந்த படத்திலோ எள்ளளவு பழுப்புப் புள்ளிகள், சுற்றி மஞ்சள் வளையம், செம்புள்ளி நோய். முன்னது தழைச்சத்து மிஞ்சினால் பெருகும். இது சத்துக் குறைந்த, காய்ந்த வயலில் வரும். குலை நோய் என்றால் புண்ணாக்குக் கரைசலை நிறுத்தச் சொல்லியிருப்பேன். இவரிடம், வயல் காயாமல் தண்ணி கட்டி, மக்கிய தொழுவுரம் போடச் சொன்னேன்.

லிட்டருக்கு 5 கிராம் சூடோமோனாஸ், சாயங்காலத்தில், இரண்டுக்குமே தெளிக்கலாம். விழுந்த புள்ளி மறையாது. புது இலையைத்தான் பார்க்கணும்.