பெயர் சொல்லாத தடை

யூடியூப் சேனலின் வருமானம் நிறுத்தப்பட்டதும், YouTube Studio-வில் உள்ள Earn பகுதியைத் திறக்கிறோம். காரணமாக Reused content என்று இருக்கும். பிறர் உருவாக்கியதைப் பெரிய மாற்றமின்றி மறுபடி போடுவது என்பது இதன் பொருள். எந்த வீடியோ என்று அங்கே தேடினால் கிடைக்காது. ஒரே ஒரு வீடியோவுக்கு விளம்பரம் குறைந்தால் அதன் அருகிலேயே மஞ்சள் டாலர் குறி தெரியும். இங்கே தீர்ப்பு சேனல் முழுவதற்கும் என்பதால் பட்டியல் எதுவும் வராது.

"காப்புரிமைப் புகாரே வரவில்லையே, அனுமதி வாங்கித்தானே போட்டேன்" என்று பலர் குழம்புவதும் இங்கேதான். காப்புரிமை உரியவருக்கும் உங்களுக்கும் இடையிலான விஷயம். இந்த விதியோ, நீங்கள் புதிதாக என்ன சேர்த்தீர்கள் என்று மட்டும் பார்க்கிறது. அதனால் அனுமதி கையில் இருந்தாலும் தடை வரலாம்.

கற்பனையாக ஒரு சேனலை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 120 வீடியோக்கள். அவற்றில் 90, உரிமையாளரே பேருந்தில் போய்ப் படம்பிடித்துப் பேசியவை. மீதி 30, பிறரின் துணுக்குகளை ஒட்டிப் பின்னணி இசை சேர்த்தவை. முக்கால்வாசி என் உழைப்புதான் என்று அவர் மனம் நொந்துபோகிறார். ஆனால் பரிசீலிப்பவர்கள் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பதில்லை. சேனலின் மையப்பொருள், அதிகம் பார்க்கப்பட்டவை, புதியவை, பார்வை நேரத்தில் பெரும்பங்கு பெற்றவை, தலைப்பு, முகப்புப் படம், அறிமுகப் பகுதி எல்லாவற்றையும் பார்ப்பார்கள். Analytics-இல் பார்வை நேரப்படி வரிசைப்படுத்தினால், இவருக்கு மேலே நிற்பவை அந்த 30 தான். பக்கம் சொல்லாத காரணம் அங்கே தெரிந்துவிடுகிறது.

அடுத்துப் படிக்கவேண்டியது தேதிகளை. மார்ச் 3-இல் தடை என்றால், முறையீட்டுக்கு 21 நாள், அதாவது மார்ச் 24 வரை. பதில் பெரும்பாலும் 14 நாளில் வரும். முறையீடு செய்யாவிட்டால் 90 நாள் கழித்து, ஜூன் 1 முதல் மறுபடி விண்ணப்பிக்கலாம். உங்கள் பக்கத்தில் வேறு தேதி இருந்தால் அதையே நம்புங்கள்.

இரண்டு வழிகளுக்கும் நோக்கம் வேறு. முறையீடு, தீர்ப்பு தவறு என்று சொல்வதற்கு. எல்லாவற்றையும் தானே தயாரித்தவர், ஐந்து நிமிடத்துக்கு உட்பட்ட புதிய வீடியோவில் அதைக் காட்டலாம். முதல் 30 விநாடிக்குள் சேனல் முகவரியைக் காட்டி, படம்பிடித்ததையும் எடிட்டிங் திரையையும் காட்டி, unlisted ஆக அதே சேனலில் ஏற்றவேண்டும். மறுவிண்ணப்பம், தவறைத் திருத்தியவருக்கானது.

நம் பேருந்துக்காரருக்கு இரண்டாவது வழியே பொருந்தும் என்பது என் கருத்து. அந்த 30-ஐ நீக்கிவிட்டு அவர் காத்திருக்கலாம். ஆனால் நீக்கிய வீடியோவின் பார்வை நேரம், கடந்த 12 மாதத்தில் தேவைப்படும் 4,000 மணி நேரக் கணக்கிலிருந்தும் போய்விடும். மீதமுள்ள 90 வீடியோக்கள் அந்த அளவை எட்டாவிட்டால், ஜூன் 1 வந்தும் விளம்பர வருமானத்துக்கு அந்த மணி நேரக் கணக்கில் அவரால் தகுதி பெற முடியாது. ஆகவே நீக்கும் முன் அந்த 90-இன் மணி நேரத்தைத் தனியே கூட்டிப் பார்த்துவிட வேண்டும்.