வானொலியில் முதல் வணக்கம்

மாணவர்களே, 'ஆகாசவாணி, செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணசுவாமி' என்னும் தொடக்கத்தை உங்கள் தாத்தா பாட்டியர் கேட்டிருப்பர். தில்லியிலிருந்து ஒலித்த அத்தமிழ்ச் செய்தியறிக்கை, எழுதியதை வாசிப்பது; ஆகவே மாறாத தொடக்கம் அதற்குப் பொருந்தியது.

பாடல் நிகழ்ச்சியின் நிலை வேறு. கேட்பவர் பலராயினும், ஒவ்வொருவரும் அடுக்களையிலோ பேருந்திலோ தனியே கேட்கின்றனர். அந்த ஒருவரிடமே நாம் பேச வேண்டும்.

ஆரியங்கோட்டு மாணவி ஒருத்தி, பள்ளி வானொலிக்கு இவ்வாறு எழுதினாள் எனக் கொள்வோம்: 'நேயர்கள் அனைவருக்கும் எமது இனிய காலை வணக்கத்தைத் தெரிவித்துக்கொள்வதில் பெருமகிழ்ச்சி அடைகிறோம்.' வாசிக்கும்போது பாதியில் மூச்சு வாங்குகிறாள். குரலும் ஏற்ற இறக்கமின்றி நிற்கிறது. எழுதியதை வாசிக்கிறாள் என்பதை இவ்விரண்டுமே காட்டிக்கொடுக்கும்.

பிறகு அத்தாளை மடித்து வைத்துவிட்டு, ஒரு சீட்டில் 'மழை, குடை, பாட்டு' என்று மட்டும் குறிக்கிறாள். தோழியை எதிரே அமர்த்திப் பேசுகிறாள்: 'வணக்கம்! காலையிலேயே மழை. குடையை மறந்துட்டு நனைஞ்சே வந்தேன். நீங்க எப்படி வந்தீங்க? ... சரி, முதல் பாட்டும் மழைப் பாட்டுதான்.' வினாவிற்குப் பின் சிறிது நிறுத்துகிறாள். கேட்பவர் மனத்துக்குள் விடை சொல்ல அவ்விடைவெளி வேண்டும்.

ஒத்திகை இருமுறை போதும். மிகுந்தால் இதுவும் மனப்பாடமாகிவிடும். தன் பெயரையும் நிகழ்ச்சியின் பெயரையும் மட்டும் சீட்டின் தலைப்பில் முழுமையாக எழுதிக்கொள்ளலாம். பதற்றத்தில், வியப்பாயினும், சொந்தப் பெயரே மறந்துபோகலாம்.