தவணைக்குள் மறைந்திருக்கும் வட்டி

முதன்முறையாகக் கடன் பெறுவோர் பெரும்பாலும் மாதந்தோறும் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதையே வினவுவர். அத்தொகையில் அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்பதை அறிந்தால்தான் கடனின் உண்மையான விலை விளங்கும். தையற்கடை தொடங்கும் பெண் ஒருவர் 60,000 ரூபாய் கடன் பெறுவதாகக் கொள்வோம். வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம். காலம் 12 மாதங்கள். இக்கணக்கை நான்கு காட்சி வில்லைகளில் காணலாம்.

வில்லை 1: மாத வட்டி

ஆண்டுக்கு 12 சதவீதம் என்பது மாதத்திற்கு 1 சதவீதம். முதல் மாதம் முழுவதும் 60,000 ரூபாயும் அவரிடமே இருக்கிறது. ஆகவே, அம்மாத வட்டி 600 ரூபாய்.

வில்லை 2: மாதத் தவணை

பன்னிரண்டாம் மாத முடிவில் நிலுவை சுழியமாகும்படி வங்கி ஒரே அளவான தவணையை வகுக்கிறது. இக்கடனுக்கு அது ஏறத்தாழ 5,331 ரூபாய். முதல் தவணையில் 600 ரூபாய் வட்டிக்குப் போக, எஞ்சிய 4,731 ரூபாய் அசலைக் குறைக்கிறது. நிலுவை 55,269 ரூபாய் ஆகிறது.

வில்லை 3: குறையும் வட்டி

இரண்டாம் மாத வட்டி 55,269 ரூபாய்க்கு மட்டுமே கணக்கிடப்படுவதால், அது 553 ரூபாயாகக் குறைகிறது. அசலில் 4,778 ரூபாய் கழிகிறது. தவணை மாறாதிருக்க, அதனுள் வட்டியின் பங்கு தேய்ந்து, அசலின் பங்கு வளர்கிறது. இறுதித் தவணையில் வட்டி ஏறத்தாழ 53 ரூபாயே. மொத்த வட்டி ஏறத்தாழ 3,971 ரூபாய். இதுவே குறையும் நிலுவை முறை.

வில்லை 4: அதே சதவீதம், வேறு கணக்கு

'ஃபிளாட் வட்டி' முறையில் அதே 12 சதவீதம் தொடக்க அசலுக்கே இறுதிவரை கணக்கிடப்படும். வட்டி 7,200 ரூபாய். தவணை 5,600 ரூபாய். கடைசி மாதத்தில் 5,000 ரூபாய் அசலே எஞ்சியிருந்தாலும், அதற்கும் 600 ரூபாய் வட்டி செலுத்த நேர்கிறது. குறையும் நிலுவை முறைக்கு மாற்றிப் பார்த்தால், இது ஆண்டுக்கு ஏறத்தாழ 21.5 சதவீத வட்டியாகும்.

இவ்வேறுபாட்டைக் கண்டறிய எளிய வழி உண்டு. தவணைத் தொகையை மாதங்களின் எண்ணிக்கையால் பெருக்கி, அசலைக் கழித்தால் மொத்த வட்டி கிடைக்கும். அது முழு அசலுக்கும் முழுக் காலத்திற்கும் உரிய வட்டிக்குச் சமமாயின், அது ஃபிளாட் வட்டியே.

இந்திய ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 2024 அக்டோபர் 1 முதல் புதிய சில்லறைக் கடன்களுக்கு முக்கிய விவர அறிக்கை வழங்கப்பட வேண்டும். கடனாளிக்குப் புரியும் மொழியில் அமைய வேண்டிய அவ்வறிக்கையில், வட்டியுடன் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டுச் சதவீத விகிதம் இடம்பெறும். கையொப்பமிடுவதற்கு முன் ஒப்பிட வேண்டிய எண் அதுவே.